குழம்பியவரா, குழப்பியவரா?

சென்னை ஓஎம்ஆர் பக்கம் எந்த அலுவலகத்தின் மெயில்களைப் புரட்டினாலும் இந்த இரண்டு வாக்கியங்களோ இவற்றின் உடன்பிறப்புகளோ கண்ணில் படும்.

```
I am very interesting in this project.
```

```
The client was confusing in yesterday's call.
```

இரண்டிலும் நடந்திருப்பது ஒரே தவறு. ஈடி விகுதி வர வேண்டிய இடத்தில் ஐஎன்ஜி வந்து உட்கார்ந்திருக்கிறது. (ஈடி என்றதும் அமலாக்கத் துறை ஞாபகம் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.) முதல் வாக்கியத்தை எழுதியவர் ‘எனக்கு இந்த ப்ராஜெக்டில் ஆர்வம் உண்டு’ என்று சொல்ல வந்து, ‘நான் மிகவும் சுவாரசியமான ஆள்’ என்று சொல்லிவிட்டார். படிப்பவர் ஒரு கணம் புன்னகைத்துவிட்டு, சரியான பொருளைத் தானே எடுத்துக்கொள்வார். ‘ஐ ஆம் போரிங்’ வகையும் அப்படித்தான். தன்னைத் தானே அறுவை என்று யாரும் மெயில் போடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கிண்டல் செய்ய உதவும், அதற்கு மேல் அதனால் நஷ்டமில்லை.

இரண்டாவது வாக்கியத்தில் சிரிக்க எதுவுமே இல்லை. வம்பே அதில்தான். ‘நேற்றைய காலில் கிளையன்ட் குழப்பமாகப் பேசினார்’ என்பது இலக்கணப்படி சரியான வாக்கியம். நம்பக்கூடிய செய்தியும்கூட, கிளையன்ட்கள் அப்படிப் பேசுவது உண்டுதானே. எழுதியவர் சொல்ல வந்ததோ, ‘கிளையன்ட் குழம்பிப் போயிருந்தார்’ என்பது. இனி நடக்கக்கூடியதை யோசித்துப் பாருங்கள். மெயிலைப் படித்த மேனேஜர், ‘அவர்களுடைய தேவைகளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்’ என்று பதில் போடுகிறார். அந்தப் பக்கம் கிளையன்ட், நம்முடைய ஸ்லைடுகள் புரியாமல் விளக்கத்துக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். விளக்கம் எதிர்பார்த்தவருக்கு, ‘நீங்கள் சொன்னதைத் தெளிவாக எழுதி அனுப்புங்கள்’ என்று மெயில் போய்ச் சேர்கிறது. எங்கே கோளாறு நடந்தது என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. ஸ்பெல் செக் சிவப்புக் கோடு போட்டிருக்காது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

ஆகவே இந்த ஜோடிகளைத் திருத்த உட்காருகிறவர் முதலில் கவனிக்க வேண்டியது, சிரிப்பை வரவழைக்காத பிழைகளை. அவை பெரும்பாலும் இன்னொரு மனிதரைப் பற்றிய வாக்கியங்களில் இருக்கும்.

பள்ளியில் இதற்கு ஒரு குறுக்குவழி சொல்லிக்கொடுப்பார்கள்: ஆளுக்கு ஈடி, பொருளுக்கு ஐஎன்ஜி. ஆள் போர்டு, படம் போரிங். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்ப இது போதும். அலுவலகத்தில் போதாது, ஏனென்றால் போரிங்கான ஆட்களும் கன்ஃப்யூஸிங்கான கிளையன்ட்களும் நிஜமாகவே இருக்கிறார்கள். குறுக்குவழியை நம்புகிறவர், வேண்டுமென்றே ‘அவர் பேசுவது குழப்புகிறது’ என்று எழுதப்பட்ட சரியான வாக்கியத்தைக்கூட ‘திருத்தி’ வைத்துவிடுவார்.

ஆங்கிலத்தின் கணக்கு வேறு. போர், கன்ஃப்யூஸ், எக்ஸைட், வொரி, டிஸப்பாயின்ட் போன்ற வினைகளில் எல்லாம் ஒன்று இன்னொருவர் மனதில் எதையோ உண்டாக்குகிறது. உண்டாக்குகிற பக்கத்துக்கு ஐஎன்ஜி, அது போய்ச் சேர்கிற பக்கத்துக்கு ஈடி. பொருள்களுக்கு மனம் இல்லாததால் அவை உண்டாக்கும் பக்கத்தில் மட்டுமே நிற்கும். மனிதர் இரண்டு பக்கத்திலும் நிற்கலாம். பள்ளி விதி பாதி சரியாக இருப்பதன் ரகசியம் இவ்வளவுதான்.

இவ்வளவு எளிய கணக்கு என்றால், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலம் படித்தவர்கள் ஏன் சறுக்குகிறார்கள்? பள்ளிக்கூடமே ஒரு காரணம். ஈடி என்றால் இறந்தகாலம் என்று ஆறாம் வகுப்பில் மண்டையில் ஏறிவிடுகிறது. ‘எனக்கு இப்போதுதானே போர் அடிக்கிறது, அதில் இறந்தகாலம் எப்படி வரும்’ என்று உள்ளே ஒரு குரல் தடுக்கிறது. ‘ஐ ஆம்’ என்று ஆரம்பித்தவுடன் விரல்கள் ஐஎன்ஜியைத் தேடுகின்றன. ஐ ஆம் வொர்க்கிங், ஐ ஆம் வெயிட்டிங் என்று எழுதிப் பழகிய கை அது. இந்த ஜோடியில் வரும் ஈடிக்குக் காலத்தோடு சம்பந்தமில்லை, செயப்பாட்டுவினை போன்றது அது என்பதைப் பாடம் நடத்துகிறவர்கள் பலரும் சொல்வதில்லை.

இன்னொரு காரணம் நம் பேச்சில் இருக்கிறது. அதைத்தான் நான் முக்கியமானதாக நினைக்கிறேன். ‘எனக்கு போரிங்கா இருக்கு’, ‘எனக்கு கன்ஃப்யூஸிங்கா இருக்கு’, ‘எனக்கு எக்ஸைட்டிங்கா இருக்கு’ என்று அலுவலகத் தமிழில் நாள் முழுக்கப் பேசுகிறோம். இவற்றில் ஒரு பிழையும் இல்லை. உணர்ச்சி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று காட்டும் வேலையை ‘எனக்கு’ என்பதில் உள்ள ‘கு’ உருபு முடித்துவிடுகிறது. நான்காம் வேற்றுமை அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டதால், பின்னால் வரும் சொல் எந்த விகுதியோடு வந்தாலும் பேசுகிறவர் சலிப்பைக் கொடுப்பவரா வாங்குபவரா என்ற சந்தேகம் எழாது. ‘படம் போரிங்கா இருக்கு’, ‘எனக்கு போரிங்கா இருக்கு’ இரண்டிலும் போரிங் போரிங்காகவே நிற்கிறது. மாறுவது முன்னால் இருக்கும் சொல் மட்டும்.

இதே வாக்கியம் மெயிலுக்குப் போகும்போது ‘எனக்கு’ என்பது ‘ஐ’ ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தின் ‘ஐ’ எழுவாய். அதில் ‘கு’ ஒட்டிக்கொண்டிருக்க இடமில்லை. உருபு வழியில் கழன்று விழ, போரிங் மட்டும் அப்படியே மறுபக்கம் போய்ச் சேர்கிறது. அந்த உருபு சுமந்த வேலையை ஆங்கிலத்தில் ஈடி சுமக்க வேண்டும். எழுதுகிறவர் அதைக் கைமாற்றிவிட மறந்துவிடுகிறார்.

இதற்கு ஒரு சாட்சி உண்டு. ‘ஐ ஆம் டயரிங்’ என்று எழுதும் தமிழரைப் பார்ப்பது அபூர்வம். மற்ற ஜோடிகளில் தடுக்கி விழுகிறவர்கள் இதில் மட்டும் தப்பிவிடுகிறார்கள், ஏனென்றால் நம் பேச்சுக்குள் அந்தச் சொல் வந்தபோதே ‘டயர்டா இருக்கு’ என்று ஈடியோடு வந்துவிட்டது. போரிங், இன்ட்ரஸ்டிங், கன்ஃப்யூஸிங் எல்லாம் ஐஎன்ஜியோடு குடியேறியவை. எந்தச் சொல் எந்த விகுதியோடு தமிழுக்குள் வந்ததோ, அதே விகுதியோடு மெயிலுக்கும் போகிறது.

இதைக் கேட்டதும், ‘தமிழில் யோசிப்பதால்தான் இந்தப் பிழை, ஆங்கிலத்திலேயே யோசியுங்கள்’ என்று சிலர் அறிவுரை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிழை வருவது பேச்சுத்தமிழின் ‘எனக்கு’ வழியாக. எழுத்துத்தமிழை எடுத்துப் பார்த்தால், ஆங்கிலம் செய்யும் அதே பிரிவினையை அது இன்னும் கறாராகச் செய்கிறது. செய்தித்தாள் நடையையே பாருங்கள். அதிர்ச்சியடைந்த மக்கள், அதிர்ச்சியளிக்கும் தகவல். ஏமாற்றமடைந்த ரசிகர்கள், ஏமாற்றமளிக்கும் தோல்வி. சலிப்படைந்த, சலிப்பூட்டும். எரிச்சலடைந்த, எரிச்சலூட்டும். திருப்தியடைந்த, திருப்தியளிக்கும். ‘அடை’ வந்தால் வாங்குகிற பக்கம். ‘அளி’, ‘ஊட்டு’ வந்தால் கொடுக்கிற பக்கம். இரண்டையும் எதிரெதிரே வைத்தால் அடைந்த என்பது ஈடி, அளிக்கும் அல்லது ஊட்டும் என்பது ஐஎன்ஜி. தினமும் பேப்பர் படிக்கிற எவரும் ‘ஏமாற்றமளிக்கும் ரசிகர்கள்’ என்பதையும் ‘ஏமாற்றமடைந்த ரசிகர்கள்’ என்பதையும் குழப்பிக்கொள்ள மாட்டார்.

நம் இரண்டாவது வாக்கியத்துக்கு இதைவிடக் கூர்மையான கருவி இருக்கிறது. குழம்பு, குழப்பு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன சங்கதி. தானே அந்த நிலையை அடைந்தால் மெல்லின எழுத்து உள்ளே இருக்கும். இன்னொருவரை அந்த நிலைக்குத் தள்ளினால் அந்த மெல்லினம் போய் வல்லினம் இரட்டிக்கும். குழம்பு, குழப்பு, வருந்து, வருத்து, திருந்து, திருத்து. குழம்பிய கிளையன்ட் என்றால் ஈடி. குழப்பும் கிளையன்ட் என்றால் ஐஎன்ஜி. இது பேச்சிலும் உயிரோடு இருப்பதால், பக்கத்து இருக்கைக்காரரின் டிராஃப்டைத் திருத்தும்போது இலக்கண வகுப்பே எடுக்க வேண்டியதில்லை.

“கிளையன்ட் குழம்பிட்டாரா, குழப்பிட்டாரா?”

“நம்ம ஸ்லைடுதான் மேடம் அவரைக் குழப்பிடுச்சு. அவர் பாவம், குழம்பிட்டார்.”

“அப்ப ஏன் அவர் மேல பழி போட்டு எழுதியிருக்கே?”

இவ்வளவு போதும். விடை எழுதியவர் வாயிலிருந்தே வந்துவிட்டது. ‘இந்த இடத்தில் ஈடி போடணும்’ என்று நேராகச் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் டெமோவைப் பற்றி எழுதும்போது அங்கேயும் ஈடி போட்டு வைப்பார். திருத்தம் வாங்கியவர்கள் எதிர்த்திசையில் சறுக்குவது வழக்கம்தான். கீழே ஒரு ஸ்டேட்டஸ் மெயில், நாலே வரி. நாலிலும் விகுதி மாறியிருக்கிறது.

```
The client is confusing about the new invoice format.
They found the demo bored.
The test results are worried.
I am exciting to work on the fix.
```

முதல் வரியில், குழம்பியவர் கிளையன்ட். குழப்பியது இன்வாய்ஸின் புது வடிவம். ஆகவே ஈடி. இங்கே பின்னால் வரும் அபௌட் என்ற சொல்லே பிழையைக் காட்டிக்கொடுக்கிறது. வாங்குகிற பக்கத்துச் சொல்லுக்குப் பின்னால் ‘எதனால், எதைப் பற்றி’ என்று சொல்லும் முன்னிடைச் சொல் ஒன்று வரும்: இன்ட்ரஸ்டட் இன், போர்டு வித், வொரிட் அபௌட், டிஸப்பாயின்டட் வித். கொடுக்கிற பக்கத்துக்குப் பின்னால் ‘யாருக்கு’ என்பது வரும்: கன்ஃப்யூஸிங் ஃபார் தி கிளையன்ட், இன்ட்ரஸ்டிங் டு மீ. ஐஎன்ஜிக்குப் பின்னால் அபௌட் தெரிந்தால் கையை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆனால் இந்தச் சோதனையை முழுக்க நம்பிவிடவும் கூடாது. ஆரம்பத்தில் பார்த்த இரண்டாவது வாக்கியத்தில் ‘இன்’ இருந்தது. அது காலில் என்று இடத்தைச் சொல்ல வந்ததே தவிர, குழப்பத்தின் காரணத்தைச் சொல்ல வரவில்லை. அங்கே தன்வினை, பிறவினைக் கேள்விதான் காப்பாற்றும்.

இரண்டாவது வரியில் எழுவாய் ‘தே’, அதாவது ஆட்கள். ஆளுக்கு ஈடி என்ற பள்ளி விதி இங்கே நேராகக் குழியில் தள்ளுகிறது. ஃபவுண்ட் என்ற வினைக்குப் பிறகு வரும் சொல் டெமோவைப் பற்றியது, டெமோ சலிப்பூட்டியது என்பது பொருள், எனவே போரிங். சொல் எழுவாய்க்குச் சேருகிறதா, நடுவில் உள்ள பெயருக்குச் சேருகிறதா என்று பார்க்காமல் விகுதியைத் தொடக்கூடாது.

மூன்றாவது வரிப்படி டெஸ்ட் ரிசல்ட்கள் கவலையில் ஆழ்ந்திருக்கின்றன. கவலையளிப்பவை அவை, கவலையடைந்தவர்கள் நாம். வொரியிங் என்று மாற்றினால் வேலை முடிந்தது. நான்காவது வரி எக்ஸைட்டட். இங்கே ‘டு’ குழப்பக்கூடும். ‘இட்’ என்று ஆரம்பித்து, அந்த வேலையே உற்சாகமூட்டுகிறது என்று சொன்னால் எக்ஸைட்டிங் டு வொர்க் என்பதும் சரிதான். ‘ஐ’ என்று ஆரம்பித்தால் உற்சாகமடைந்தவர் எழுதுகிறவர்.

```
The client is confused about the new invoice format.
They found the demo boring.
The test results are worrying.
I am excited to work on the fix.
```

தமிழ்க் கருவிக்கும் எல்லை உண்டு. ‘அளிக்கும்’ என்று வந்த இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஐஎன்ஜி சேர்க்க முடியாது. சில ஜோடிகளில் அந்த இடத்தை வேறு விகுதி பிடித்து வைத்திருக்கிறது. இம்ப்ரஸ்டுக்கு எதிரே இம்ப்ரஸிவ், ஸ்ட்ரெஸ்டுக்கு எதிரே ஸ்ட்ரெஸ்ஃபுல், டிலைட்டடுக்கு எதிரே டிலைட்ஃபுல், ஸ்கேர்டுக்கு எதிரே ஸ்கேரி. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், எண்ணிக்கையும் அதிகமில்லை. எந்தப் பக்கம் என்பதைத் தமிழ் சொல்லிவிடும், எந்த விகுதி என்பதை அகராதி சொல்லும்.

சந்தேகமாக இருந்தால் தப்பிக்க ஒரு வழி, பெயரடையையே விட்டுவிட்டு வினையாக எழுதிவிடுவது. ‘தி நியூ ஃபார்மட் கன்ஃப்யூஸ்டு தி கிளையன்ட்’ என்றால் யார் யாரைக் குழப்பினார்கள் என்பது வெட்டவெளிச்சம். குழப்பியது நாம் அனுப்பிய ஃபார்மட் என்பதும் சேர்ந்து வெளிச்சத்துக்கு வந்துவிடும், அது பிடிக்காமல் பலர் இந்த வழியைத் தவிர்ப்பார்கள். அது இலக்கணப் பிரச்சினை இல்லை.

இரண்டு விகுதியும் சரியாக இருக்கும் இடங்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தனிக் கலை. மேலதிகாரி அனுப்பிய குறிப்பில் மூன்றாவது அம்சம் புரியவில்லை என்று வையுங்கள்.

```
Point 3 is confusing.
I am confused about point 3.
```

முதலாவது அவர் எழுதியதன் மேல் தீர்ப்பு. இரண்டாவது என் நிலைமை பற்றிய செய்தி. குறை யாருடையது என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம். நாமும் ‘நீங்க எழுதினது குழப்பமா இருக்கு சார்’ என்று சொல்லாமல், ‘எனக்குக் கொஞ்சம் புரியலை சார்’ என்றுதானே சொல்வோம். கீழிருந்து மேலே போகும் மெயிலில் ஈடி மரியாதையாக ஒலிக்கும். மேலிருந்து கீழே வரும்போது நிலைமை தலைகீழ். ‘தி டிலே இஸ் டிஸப்பாயின்டிங்’ என்றால் தாமதத்தைப் பற்றிய கருத்து. ‘வீ ஆர் டிஸப்பாயின்டட்’ என்று கிளையன்ட் எழுதினால், அடுத்த மெயிலில் அபராதப் பிரிவு வரலாம் என்று பழம் தின்று கொட்டை போட்ட ப்ராஜெக்ட் மேனேஜர்கள் உஷாராகிவிடுவார்கள். விகுதியை மாற்றிப் போடுகிறவர் இந்த நுணுக்கத்தையும் சேர்த்து இழக்கிறார்.

கன்ஸர்ன்டு என்ற சொல்லைத் தனியாக எச்சரித்துவிடலாம். ‘தி கன்ஸர்ன்டு பெர்ஸன்’ என்று நம் அலுவலகங்களில் சம்பந்தப்பட்ட நபரைச் சொல்கிறோம். நமக்குள் புழங்க அது போதும். இங்கிலாந்தில் இருப்பவர் அதைக் ‘கவலையில் இருக்கும் நபர்’ என்று படிக்கக்கூடும். சொல்லைப் பெயருக்குப் பின்னால் நகர்த்தி ‘தி பெர்ஸன் கன்ஸர்ன்டு’ என்று எழுதினால் சம்பந்தப்பட்டவர் ஆகிவிடுகிறார். கன்ஸர்னிங்கோ இன்னும் வில்லங்கம்: கவலையளிக்கும் என்றும் வரும், ஒன்றைப் பற்றிய என்றும் வரும்.

கடைசியாக, அனுப்பிவிட்ட மெயிலை என்ன செய்வது? தன்னைப் பற்றி எழுதிய வாக்கியம் என்றால் விட்டுவிடலாம். இன்ட்ரஸ்டிங் என்பதை இன்ட்ரஸ்டட் என்று திருத்துவதற்காக இருபது பேருக்கு இன்னொரு மெயில் போட்டால், முதலில் கவனிக்காதவர்களும் கவனிப்பார்கள். இன்னொருவரைப் பற்றிய வாக்கியமாக இருந்து, தவறான விகுதி அவர் மேல் ஒரு குறையை ஏற்றியிருந்தால், அன்றைக்கே திருத்த வேண்டும். மன்னிப்புப் பத்தியோ இலக்கண விளக்கமோ தேவையில்லை.

```
Correction: the client was confused by our slides.
He was clear about what he needs.
```

இரண்டாவது வரி இங்கே அவசியம். வெறுமனே விகுதியை மாற்றி அனுப்பினால், அவசரமாகப் படிக்கிறவருக்கு இரண்டு மெயிலுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘பை அவர் ஸ்லைட்ஸ்’ என்பது குழப்பியது யார் என்று சொல்கிறது. கீழே உள்ள வரி, தேவைகளை எழுத்தில் கேட்கும் அந்த மெயில் கிளையன்டுக்கு இன்னும் போயிருக்காவிட்டால் அதை நிறுத்திவைக்கும்.